சிவப்பு மை விழுந்த தாள்: உயர்தர மாணவருக்கு ஓர் அதிபரின் உரை

(வன்னிப் பாடசாலை ஒன்றில், உயர்தர இரண்டாம் வருட மாணவருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் அதிபர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வராதவர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)

பிள்ளைகள், எல்லாரும் உங்கள் குறிப்புக் கொப்பிகளை மேசையில் எடுத்து வையுங்கள். உயிரியல் படிக்கிற பிள்ளைகள் சிறுநீரகம் வருகிற பக்கத்தைத் திறவுங்கள். மற்றப் பிரிவுக்காரர் உங்கள் பாடத்தில் ஏதாவது ஓர் அலகைத் திறவுங்கள். இன்றைக்கு அந்த ஒரு துண்டை வைத்தே பேசப் போகிறேன். பத்துப் பாடத்தைப் பற்றிப் பொதுவாகச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

உங்களில் பலருடைய கொப்பியில் ஒரே வசனம் இருக்கிறது: "என்லேயின் தடத்தில் நீரும் உப்பும் மீள அகத்துறிஞ்சப்படுகின்றன." கடையில் வாங்கிய கைட்டில் இருந்ததோ, ரியூசனில் கொடுத்த ரியூட்டில் இருந்ததோ, எழுத்துப் பிசகாமல் வந்திருக்கிறது. வசனம் பிழையில்லை. ஆனால் பரீட்சையில் அதற்குப் புள்ளி விழாது. எந்தப் புயத்தில் நீர் போகிறது, எந்தப் புயத்தில் உப்புப் போகிறது, எப்படிப் போகிறது என்ற மூன்றும் அதில் இல்லை. பரீட்சகர் தேடுவது அந்த மூன்றையும்தான்.

அந்தக் கொப்பியை மூடிவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஏறு புயத்தில் உப்பு வெளியேறுவதைத் தடுக்கிற மருந்தொன்றை ஒருவருக்குக் கொடுத்தால், அவருக்குச் சிறுநீர் கூடுமா, குறையுமா? ஏன்?

கூடும் என்று ஊகித்துச் சொல்கிறவர்கள் இருப்பீர்கள். ஏன் என்பதற்கு வாய் திறக்கிறவர்கள் குறைவு. வசனத்தைப் பார்த்து எழுதும்போது கைதான் வேலை செய்தது. "இது எதனால்?" என்று கேட்க வேண்டிய தேவை உங்களுக்கு ஓரிடத்திலும் வரவில்லை. கைட் எழுதியவர் அந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டு, விடையைச் சுருக்கி, ஒரு வரியாக்கித் தந்துவிட்டார். சுருக்கிய வேலை அவருடையது. அந்த வேலையில்தான் பாடம் மனதில் ஏறுகிறது, அதை நீங்கள் செய்யவில்லை.

கைட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயர்தரப் பாடத்திட்டம் 2017 இல் மாறியது. புதிய திட்டத்தின்படி முதற் பரீட்சை 2019 இல் நடந்தது. அதற்கு முன் அச்சடித்த கைட்டுகள் அக்கா அண்ணாமாரிடம் இருந்து உங்கள் கைக்கு வந்து, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நீக்கப்பட்ட விடயத்தைப் பாடமாக்குகிறீர்கள், புதிதாகச் சேர்ந்தது அதில் இல்லவே இல்லை. இந்தியாவில் அச்சான புத்தகம் என்றால் கலைச்சொல்லும் வேறு. அங்கே நெஃப்ரான் என்பதை நாங்கள் சிறுநீரகத்தி என்கிறோம், அங்கே ஹார்மோன், இங்கே ஓமோன். ஒரே விடைத்தாளில் இரண்டு வகைச் சொல்லும் கலந்து வந்தால் திருத்துகிறவர் தடுமாறுவார். உங்களுக்கே இரண்டும் இரண்டு பொருள் போலத் தோன்றத் தொடங்கும்.

சரி, குறிப்பு எப்படி எழுதுவது?

முதலில் கொப்பியை விடுங்கள், தனித் தாளுக்கு வாருங்கள். கோடு போட்ட ஏ4 தாள், இரண்டு துளை, ஒரு பைல். இது போதும். கட்டிய கொப்பியில் பிழை வந்தால் வெட்டி ஒட்ட வேண்டும், புதிதாக ஒன்று சேர்க்க இடம் இராது. தாள் என்றால் கெட்டதை எடுத்தெறிந்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் திருப்பி எழுதலாம். புதுக்குடியிருப்பில் இருந்தோ மல்லாவியில் இருந்தோ பஸ்ஸில் வருகிற பிள்ளை, அன்றைக்கு வேண்டிய இரண்டு தாளை மட்டும் மடித்துக்கொண்டு வரலாம். தாளின் இடப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்குக் கோடு கீறுங்கள். இடப்பக்கம் கேள்விக்கு, வலப்பக்கம் விடைக்கு. அடியில் ஆறு வரியை வெறுமையாக விடுங்கள். அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

கேள்வி எங்கிருந்து வரும்? பாடத்திட்டத்தில் இருந்து. தேசிய கல்வி நிறுவகத்தின் nie.lk தளத்தில் உங்கள் பாடத்துக்குரிய பாடத்திட்டம் இருக்கிறது. வகுப்புக்கு ஒன்று எடுத்தால் போதும், மற்றவர்கள் போட்டோக்கொப்பி அடியுங்கள். அதில் ஒவ்வொரு அலகுக்கும் கற்றற்பேறுகள் என்று ஒரு நிரல் வரும். எத்தனை பாடவேளை ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதும் இருக்கும். "சிறுநீர் உருவாகும் விதத்தை விளக்குவார்" என்று போட்டிருந்தால், அதைக் கேள்வியாக்கி இடப்பக்கம் எழுதுங்கள்: சிறுநீர் எப்படி உருவாகிறது? அதை நான்கு சிறு கேள்வியாக உடையுங்கள். எது வடிகிறது, எது வடியாது, ஏன்? வடிந்ததில் எது எங்கே திரும்ப எடுக்கப்படுகிறது? எது புதிதாகச் சுரக்கப்படுகிறது? எவ்வளவு நீரை வைத்துக்கொள்வது என்பதை எது தீர்மானிக்கிறது? பாடவேளை கூடிய அலகுக்குத் தாளும் கூடலாம். குறைந்த அலகுக்கு ஒரு தாளுக்கு மேல் போகாதீர்கள்.

அடுத்த வேலைதான் முக்கியம், இதைத்தான் எல்லாரும் தவிர்க்கிறீர்கள். வளநூலில் அந்தப் பகுதியையும் வகுப்பில் எடுத்த குறிப்பையும் ஒருமுறை ஆறுதலாக வாசியுங்கள். பேனை தொடக் கூடாது. வாசித்து முடிந்ததும் இரண்டையும் மூடி வேறு மேசையில் வையுங்கள். இப்போது நீலப் பேனையால், உங்கள் ஞாபகத்தில் இருந்து மட்டும், வலப்பக்கத்தை எழுதுங்கள். இருபது நிமிடம். முட்டுப்பட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அடுத்ததுக்குப் போங்கள். எட்டிப் பார்க்கக் கூடாது.

இருபது நிமிடம் முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் பிழைத்ததையும் சிவப்புப் பேனையால் போடுங்கள். அந்தச் சிவப்புத்தான் உங்கள் குறிப்பு. நீலம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்; அதைத் திருப்பித் திருப்பிப் படிப்பதில் நேரம்தான் போகும். பார்த்து எழுதிய கொப்பியில் சிவப்பு விழ வழியே இல்லை. எது தெரியும், எது தெரியாது என்று அந்தக் கொப்பி உங்களுக்குச் சொல்லாது. முழுக்க நீலமாக, வடிவான எழுத்தில் இருக்கிற கொப்பியைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

சிறுநீரகத்தை வைத்தே செய்து காட்டுகிறேன். வலப்பக்கத்தில் பந்தி எழுதாதீர்கள். கட்டுரை வினாவுக்கான புள்ளியிடல் திட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் விடை தனித்தனிக் கூற்றுகளாகத்தான் இருக்கும், புள்ளியும் கூற்றுக்குக் கூற்று போகும். உங்கள் தாளிலும் ஒரு வரிக்கு ஒரு கூற்று. ஒவ்வொரு கூற்றிலும் இடம், பொருள், திசை, முறை என்ற நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கலன்கோளத்தில் தொடங்குவோம். உட்காவு புன்னாடியின் விட்டம் வெளிக்காவு புன்னாடியினதை விடப் பெரிது. அதனால் கலன்கோளத்தில் குருதி அமுக்கம் உயர்கிறது. அந்த அமுக்கத்தால் நீரும் சிறிய கரையங்களும் போமனின் உறைக்குள் வடிகின்றன. குருதிக் கலங்களும் திரவவிழையப் புரதங்களும் பெரியவை, வடியா. நான்கு வரி. இதில் முதல் வரியை விடுகிறவர்கள்தான் கூட. "அமுக்கம் உயர்ந்தது" என்று எழுதுவார்கள், ஏன் உயர்ந்தது என்பது இராது.

பிறகு அண்மை மடிந்த சிறுகுழாய். குளுக்கோசும் அமினோவமிலமும் இங்கேயே திரும்ப எடுக்கப்பட்டு முடிகின்றன, நீரிலும் உப்பிலும் பெரும் பங்கு இங்கேதான் போகிறது. உப்பு உயிர்ப்பான கொண்டுசெல்லலால் போக, நீர் பிரசாரணத்தால் அதன் பின்னால் போகிறது. இந்த இடத்தில் இடப்பக்கம் ஒரு துணைக் கேள்வி எழுதி வையுங்கள்: நீரிழிவுக்காரரின் சிறுநீரில் ஏன் குளுக்கோசு வருகிறது? குருதியில் குளுக்கோசு அளவு மீறும்போது, அதைக் கொண்டுசெல்லும் புரதங்கள் எல்லாம் வேலையில் இருக்கின்றன. மிஞ்சியது சிறுநீரோடு போகிறது. விளங்கிய பிள்ளைக்கு இது ஒரு வரி. பார்த்து எழுதிய பிள்ளைக்கு இது பாடத்தில் இல்லாத கேள்வி.

இனி என்லேயின் தடம். இறங்கு புயம் நீரை விடும், உப்பை அவ்வளவாக விடாது. ஏறு புயம் உப்பை விடும், நீரை விடாது. ஏறு புயத்தின் மெல்லிய பகுதியில் உப்பு பரவலால் போகிறது, தடித்த பகுதியில் உயிர்ப்பாக வெளியேற்றப்படுகிறது. நீர் பின்தொடர முடியாதபடியால், வெளியே மையவிழையத்தின் இழையப் பாய்பொருள் செறிவடைகிறது. இந்தக் கடைசி வரியின் கீழே இரட்டைக் கோடு போடுங்கள், ஏனென்றால் சேர்க்குங்கானில் நடப்பது முழுக்க இதில்தான் தங்கியிருக்கிறது. செறிந்த மையவிழையத்தின் ஊடாகச் சேர்க்குங்கான் இறங்கும்போது, நீர் பிரசாரணத்தால் வெளியே இழுபடுகிறது. ஏ.டி.எச். ஓமோன் கூடினால் கானின் சுவர் நீரைக் கூட விடும், சிறுநீர் குறைந்து செறிவாகும்.

இப்போது முதற் கேள்விக்கு வாருங்கள். மருந்து ஏறு புயத்தில் உப்பைத் தடுத்தது. மையவிழையம் செறிவாகவில்லை. சேர்க்குங்கானில் நீரை இழுக்க ஆளில்லை. நீர் கானிலேயே நின்று சிறுநீராகப் போனது. சிறுநீர் கூடுகிறது. உங்கள் தாளில் இருக்கிற மூன்று வரியை அடுக்கினால் விடை தானாக வருகிறது, புதிதாக ஒன்றும் பாடமாக்கத் தேவையில்லை.

இதே இடத்தில் அடிக்கடி விழுகிற பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "ஏ.டி.எச். நீரை உயிர்ப்பாக அகத்துறிஞ்சுகிறது" என்று எழுதுவீர்கள். ஓமோன் நீரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, சுவரை நீர் புகவிடும்படி மாற்றுகிறது, அவ்வளவுதான். மீள அகத்துறிஞ்சலில் நீர் எப்போதும் பிரசாரணத்தால்தான் போகும். இந்தப் பிழை ஒருவருடைய குறிப்பில் விழுந்து போட்டோக்கொப்பியாகப் போனால் வகுப்பு முழுவதும் ஒரே பிழையை எழுதும். திருத்துகிற ஆசிரியருக்கு எந்தக் கொப்பியில் இருந்து தொற்றியது என்றுகூடத் தெரியும்.

அளவு ஒன்றிரண்டைத்தான் தாளில் வையுங்கள். நாளொன்றுக்கு இரண்டு சிறுநீரகமும் வடிப்பது ஏறக்குறைய 180 லீற்றர், சிறுநீராக வெளியே போவது ஏறக்குறைய 1.5 லீற்றர். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், மீள அகத்துறிஞ்சல் எவ்வளவு பெரிய வேலை என்பது இலக்கத்திலேயே தெரியும். மற்ற இலக்கங்களை வளநூலில் விட்டுவிடுங்கள். சிறுநீரக நோயால் குருதியைச் சுத்திகரித்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உங்கள் வீடுகளிலும் அயலிலும் இருப்பார்கள். அவர்களுக்கு ஏன் அளந்து தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டால், 180 உம் 1.5 உம் பாதிப் பதிலைச் சொல்லும்.

படம் பற்றி ஒரு சொல். சிறுநீரகத்தியை வரைந்து நிறம் தீட்டுவதற்கு ஒரு பின்னேரத்தைச் செலவழிக்காதீர்கள். பென்சிலால் நான்கு நிமிடத்தில் வரையக் கூடிய வெறுங்கோட்டுப் படம் போதும். பரீட்சையிலும் அவ்வளவுதான் நேரம். பெயரிடும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, கோட்டின் முனை உறுப்பைத் தொட வேண்டும். மையவிழையத்துக்குள் எது இறங்குகிறது, மேற்பட்டையில் எது நிற்கிறது என்று ஒரு குற்றுக்கோட்டால் பிரித்துக் காட்டுங்கள். அந்தக் குற்றுக்கோடு இல்லாத படத்தில் செறிவுக் கதையைச் சொல்ல முடியாது. ஹைலைட்டர் சிவப்பு வரிகளுக்கு மட்டும். பக்கம் முழுக்க மஞ்சளாக இருந்தால் எதையும் குறித்ததாகாது.

அடியில் விட்ட ஆறு வரி கடந்தகால வினாத்தாளுக்கு. தாள் எழுதி இரண்டு நாளுக்குப் பிறகு, அந்த அலகில் வந்த கேள்வி ஒன்றை எடுத்து, தாளைப் பார்க்காமல் விடை எழுதுங்கள். உயிரியல் இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம், அதில் நான்கு அமைப்புக் கட்டுரையும் நான்கு கட்டுரையும் எழுத வேண்டும். அமைப்புக் கட்டுரைக்கு இருபது நிமிடம் போனால் கட்டுரைக்கு இருபத்தைந்து நிமிடம் கிடைக்கும். அந்த நேரத்தை மணிக்கூட்டில் வையுங்கள். பிறகு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடல் திட்டத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். திட்டத்தில் இருந்து உங்கள் விடையில் இல்லாத கூற்றை, வினாத்தாளின் ஆண்டோடு அந்த ஆறு வரியில் சேருங்கள். இரண்டு மூன்று ஆண்டு போனதும் ஒரே கூற்றை நீங்கள் திரும்பத் திரும்ப விடுவது தெரியவரும். பெரும்பாலும் அது "ஏன்" என்கிற வரியாகத்தான் இருக்கும்.

ஆறு வரியும் நிரம்பினால் மட்டும் தாளைப் புதிதாக எழுதுங்கள். "நீற்றாக" வேறு கொப்பியில் திருப்பி எழுதுகிற பழக்கம் எங்கள் பெண்பிள்ளைகளிடம் கொஞ்சம் கூட. அதுவும் பார்த்து எழுதுவதுதான். இந்த முறை உங்கள் கைட்டில் இருந்து நீங்களே பார்த்து எழுதுகிறீர்கள்.

திரும்பப் பார்க்கிற முறை இது. வலப்பக்கத்தை ஒரு மட்டையால் மறைத்து, இடப்பக்கக் கேள்விக்கு வாயால் விடை சொல்லிவிட்டு மட்டையை எடுத்துப் பாருங்கள். எழுதி இரண்டாம் நாள், பிறகு ஒரு கிழமையில், பிறகு ஒரு மாதத்தில். சரியாக வந்த கேள்விக்குப் பக்கத்தில் சிறு புள்ளி வையுங்கள். மூன்று புள்ளி விழுந்த கேள்வியைப் பரீட்சைக்கு முந்திய கிழமை வரை விட்டுவிடலாம். பஸ்ஸில் வருகிற நேரம் இதற்கு நல்ல நேரம். பக்கத்தில் இருக்கிற பிள்ளை கேள்வி கேட்கட்டும்.

உங்கள் சொந்தக் குறிப்பிலும் பிழை இருக்கும். கைட்டை எதிர்க்கிறவர்கள் இதை மறைத்துப் பேசக் கூடாது. ஞாபகத்தில் இருந்து எழுதுவதால் இறங்கு புயத்தையும் ஏறு புயத்தையும் மாற்றி எழுதிவிட்டு, அதையே பாடமாக்கவும் கூடும். அதற்காக மூன்று பேராகச் சேருங்கள். மூவரும் ஒரே அலகைத் தனித்தனியே எழுதி, தாளை மாற்றி வாசியுங்கள். இரண்டு பேர் ஒன்று எழுதி மூன்றாம் ஆள் வேறு எழுதியிருந்தால், அந்த இடத்தை வளநூலில் பாருங்கள். மூவரும் ஒத்துப்போகாத இடத்தை மட்டும் ரீச்சரிடம் கொண்டுபோங்கள். அவருக்கு முழுப் பைலையும் திருத்த நேரமில்லை, இரண்டு வரியைப் பார்க்க நேரமுண்டு. "நீ மூன்று அலகு எழுது, நான் மூன்று அலகு எழுதுகிறேன், பிறகு மாற்றுவோம்" என்று மட்டும் பிரிக்காதீர்கள். மாற்றி வாங்கியது உங்களுக்கு இன்னொரு கைட்.

அப்படியானால் வாங்கிய கைட்டை என்ன செய்வது? எறியத் தேவையில்லை, காசு கொடுத்து வாங்கியது. தாள் எழுதி முடிந்த பிறகு அதைத் திறவுங்கள். அதில் இருக்கிற பயிற்சிக் கேள்விகளைச் செய்யுங்கள். உங்கள் தாளில் இல்லாத விடயம் ஏதாவது அதில் இருந்தால், பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். இல்லாவிட்டால் விடுங்கள். ரியூசன் ரியூட்டுக்கும் இதே கணக்குத்தான்.

கலைப்பிரிவுப் பிள்ளைகள் இதெல்லாம் உயிரியலுக்கு என்று நினைக்கிறீர்கள். புவியியலில் வரண்ட வலயத்துக் குளங்களைப் பற்றி எழுதும்போது "வடகீழ்ப் பருவக்காற்றால் மழை கிடைக்கிறது" என்ற ஒரு வரியோடு நிற்கிறீர்களா, அல்லது எந்த மாதங்களில் கிடைக்கிறது, மற்ற மாதங்களில் ஏன் இல்லை, அதனால் ஏன் நீரைத் தேக்க வேண்டி வந்தது என்று மூன்று வரி எழுதுகிறீர்களா என்று உங்கள் கொப்பியைப் பாருங்கள். இடம், காலம், காரணம், விளைவு என்று உங்கள் பாடத்துக்கு ஏற்ற நான்கை வைத்துக்கொண்டு இதே மாதிரிச் செய்யலாம். வரலாறும் அப்படித்தான். கணக்குப் பாடங்களுக்கு மட்டும் இந்த முறை சரிவராது. அங்கே குறிப்பு என்பது பிழைத்த கணக்குகளின் பட்டியல், அதை உங்கள் கணித ஆசிரியர் தனியாகச் சொல்லித் தருவார்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை இரவு முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறது என்று சந்தோசப்படாதீர்கள். எழுதும்போது பக்கத்தில் புத்தகம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பாடம் உங்களுக்குத் தெரியத் தேவையில்லை. தாளை வாங்கி, இடப்பக்கத்தில் இருக்கிற கேள்வியை வாசியுங்கள், பிள்ளை பதில் சொல்லட்டும், வலப்பக்கத்தில் இருக்கிறதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அம்மம்மாவும் செய்யலாம். இன்னொரு கைட் கேட்டு அழுதால், முதல் கைட்டுக்கு எத்தனை தாள் எழுதினாய் என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ஓர் அலகுக்கு வாசிக்க ஒரு மணித்தியாலம், எழுதித் திருத்த ஒரு மணித்தியாலம், கேள்வி செய்து ஒப்பிட இன்னொன்று. முதல் இரண்டு தாளுக்கு இதைவிடக் கூடப் போகும், பயப்படாதீர்கள். கிழமைக்குப் பாடத்துக்கு இரண்டு அலகுக்கு மேல் எடுக்காதீர்கள். கூட எடுத்தால் இரண்டாம் கிழமையே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிடுவீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு, ஒவ்வொருவரும் ஒரு பாடத்தில் ஓர் அலகின் தாளோடு வாருங்கள். மூன்று பேராக இருத்தி மாற்றி வாசிக்க விடுவேன். சிவப்பு ஒரு வரியும் இல்லாத தாளைக் கொண்டுவருகிறவர் என் அறையில், புத்தகம் இல்லாமல், அதே அலகை இன்னொருமுறை எழுத வேண்டியிருக்கும்.